"கிளாஸ் வெள்ளிக்கு மாற்றப்பட்டுள்ளது": ராத்திரி வந்த மெசேஜும் 24 மணி நேர விதியும்

தில்லைநகர் வாசகி | 10 ஜூன் 2025, இரவு 10:05

திருச்சியில கார் ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ராத்திரி 9:40க்கு டிரைவிங் ஸ்கூல்ல இருந்து வாட்ஸாப்ல இது வந்தது. நம்பரை மட்டும் எடுத்துட்டு அப்படியே போடறேன்:

"வணக்கம் மேடம். நாளை புதன் காலை 6:30 கிளாஸ் இல்லை. வெள்ளி காலை 7:15க்கு மாற்றப்பட்டுள்ளது. பழைய சார் நின்றுவிட்டதால் இனி புது சார் வருவார். பிக்கப், டைம் எல்லாம் அவரிடமே பேசிக்கொள்ளவும், நம்பர் கீழே. கிளாஸ் கேன்சல் செய்ய 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த கிளாஸ் முடிந்ததாகக் கணக்கு."

நான் வரலைன்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். அவங்க வரலைன்னா ஒன்பது மணி நேரம்கூட இல்லாம சொல்லலாமா? இந்த விதி ரெண்டு பக்கத்துக்கும்தானே இருக்கணும்? சேரும்போது கேன்சல் பத்தி யாரும் வாய் திறக்கலை. ரசீதுல பணம், பேக்கேஜ், ஆபீஸ் நம்பர், அவ்வளவுதான் இருக்கு.

என் பேக்கேஜ் 15 கிளாஸ், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி காலை 6:30. ஒன்பது முடிஞ்சிருக்கு. ஆர்டிஓ டெஸ்ட் 24ஆம் தேதி செவ்வாய்.

எட்டு போட்டவன் | 10 ஜூன் 2025, இரவு 10:31

ஸ்லாட் மாத்தறது ஒண்ணும் கஷ்டமில்லங்க. சாரதி தளத்துல அப்ளிகேஷன் நம்பரும் பிறந்த தேதியும் போட்டு உள்ள போனா வேற தேதி எடுத்துக்கலாம். எனக்கு டூவீலருக்கு அப்படித்தான் மாத்தினேன். மழை பேஞ்சு டிராக் சேறா கிடந்தது, எட்டு போடும்போது கால் ஊனினா போச்சுன்னு பயம். அடுத்த தடவை காஞ்ச தரையில ஒரே மூச்சுல போட்டேன். பயப்படாதீங்க.

தில்லைநகர் வாசகி | 10 ஜூன் 2025, இரவு 10:40

ஆர்டிஓ ஸ்லாட் இல்லங்க, அது அப்படியேதான் இருக்கு. ஸ்கூல்ல ஓட்டிப் பழகற கிளாஸைத்தான் மாத்தியிருக்காங்க.

செய்திப்பிரியன் | 11 ஜூன் 2025, காலை 6:50

24 மணி நேரம்ங்கிறது அரசாங்க விதி. எல்லா ஸ்கூல்லயும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, அதனாலதான் சொல்றேன். அதோட நீங்க டெஸ்டுக்கு இவ்வளவு பதற வேண்டியதே இல்லை. 2024 ஜூன் 1 முதல் டிரைவிங் ஸ்கூல் சர்டிஃபிகேட் இருந்தா ஆர்டிஓ டெஸ்டே வேண்டாம்னு வந்தாச்சு. ஸ்கூல்ல கேட்டு வாங்கிக்குங்க.

வைகைக்கரை | 11 ஜூன் 2025, காலை 8:15

மதுரையில ரொம்ப வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன். இப்ப மகன் பாத்துக்கிறான். ரெண்டு விஷயத்தை முதல்ல திருத்திர்றேன், இல்லைன்னா இந்தம்மா தப்பான நம்பிக்கையில போயிருவாங்க.

சர்டிஃபிகேட் விஷயம் பாதி சரி. டெஸ்ட்ல இருந்து விலக்கு உண்டு, ஆனா அது அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள்ல படிச்சவங்களுக்கு. 2021 ஜூலை 1ல இருந்தே அந்த விதி இருக்கு. அதுக்குப் பெரிய இடம், சிமுலேட்டர், சொந்த டிராக் எல்லாம் வேணும். கார் கோர்ஸே மொத்தம் 29 மணி நேரம். அவங்க கொடுக்கிறது ஃபார்ம் 5பி. தெருமுனையில இருக்கிற நம்ம மாதிரி ஸ்கூல் கொடுக்கிறது ஃபார்ம் 5, அதை வச்சு டெஸ்டுக்கு விலக்கு கிடையாது. 2024ல அந்தச் செய்தி சுத்தினப்ப மத்திய அமைச்சகமே இதைத் தெளிவா சொல்லிருச்சு.

24 மணி நேரம் எந்தச் சட்டத்துலயும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல ஸ்கூலுக்கு லைசென்ஸ், டபுள் கன்ட்ரோல் வண்டி, பாடத்திட்டம், பதிவேடு எல்லாம் சொல்லியிருக்கு. கிளாஸை கேன்சல் பண்ண எவ்வளவு முன்னாடி சொல்லணும்னு ஒரு வரி கிடையாது. அது ஸ்கூலும் படிக்கிறவங்களும் பேசிக்கிட்ட ஒப்பந்தம். சேரும்போது சொல்லாத விதியை நடுவுல மெசேஜ்ல போட்டா, போட்ட நாள்ல இருந்துதான் அதைப் பத்திப் பேசவே முடியும். அதுவும் நீங்க ஒத்துக்கிட்டா.

அந்த விதி ஏன் இருக்குன்னும் சொல்லணும், ஏன்னா நானும் வச்சிருந்தேன். காலையில ஆறரைக்கு வண்டி உங்க தெருவுக்கு வந்திரும். நீங்க வரலைன்னா அந்த அரை மணியை வேற யாருக்கும் கொடுக்க முடியாது. அடுத்த ஆள் ஏழு மணிக்கு வேற பேட்டையில நிப்பாங்க. டீசல், சம்பளம் ரெண்டும் போச்சு. அந்த நஷ்டத்துக்காக வச்ச விதி அது. அப்ப ஸ்கூல் வரலைன்னா உங்க நேரமும் போகுதில்ல? என் கடையில நாங்க கடைசி நேரத்துல நிறுத்தினா, கிளாஸ் கணக்குல கழிக்காம அடுத்த வாய்ப்புல முதல் ஆளா அவங்களைப் போடுவோம். எல்லாரும் அப்படி செய்யறதில்லைங்கிறதும் உண்மை.

ஆனா தங்கச்சி, நீங்க கேட்டதை விட முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஏற்கெனவே கிளாஸ் இருக்கே. புதன் கிளாஸை வெள்ளிக்கு மாத்தினா, வெள்ளி கிளாஸ் எங்க போச்சு?

தில்லைநகர் வாசகி | 11 ஜூன் 2025, மதியம் 1:20

இதை நான் கவனிக்கவே இல்லை சார். காலண்டரை எடுத்து வச்சு எழுதினேன்.

மாத்தறதுக்கு முன்னாடி: 11 புதன் 10ஆவது கிளாஸ், 13 வெள்ளி 11ஆவது, 16 திங்கள் 12ஆவது, 18 புதன் 13ஆவது, 20 வெள்ளி 14ஆவது, 23 திங்கள் 15ஆவது. மறுநாள் டெஸ்ட். அளவெடுத்து வச்ச மாதிரி இருந்தது.

இப்ப: 13ஆம் தேதி 10ஆவது. அப்படியே ஒவ்வொண்ணா தள்ளினா 23ஆம் தேதி 14ஆவதுதான் வருது. 15ஆவது கிளாஸ் டெஸ்ட் முடிஞ்ச பிறகு. ஸ்கூல் கணக்குல எதுவும் குறையலை, 15 கிளாஸும் கொடுத்திடுவாங்க. எனக்குத்தான் டெஸ்டுக்கு முன்னாடி ஒண்ணு குறையுது. "மாற்றப்பட்டுள்ளது"னு எழுதினதால நானும் நாள்தான் மாறுதுன்னு நினைச்சுட்டேன்.

அதோட 6:30 இப்ப 7:15 ஆயிருக்கு. வெள்ளிக்கிழமைக்கு மட்டுமா, இனி எப்பவுமா? மெசேஜ்ல இல்லை. 7:45க்கு கிளாஸ் முடிஞ்சா 8:20 பஸ்ஸை எப்படியோ பிடிச்சிடலாம். ஆனா 7:15 மணிக்கு ரோட்டுல ஸ்கூல் வேன் எல்லாம் வர ஆரம்பிச்சிடும், அதுல ஓட்டற அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரலை.

வைகைக்கரை | 11 ஜூன் 2025, மதியம் 2:05

இப்பவே ஆபீஸ் நம்பருக்கு எழுத்துல பதில் போடுங்க. போன்ல பேசினாலும் பேசி முடிச்சதை மெசேஜா போட்டுருங்க. வெள்ளி காலை 7:15 கிளாஸுக்கு, அவங்க விதிப்படியே, வியாழன் காலை 7:15 வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு. அதுக்குள்ள பதில் போகலைன்னா நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும். வெள்ளிக்கிழமை நீங்க போக முடியாம இருந்தா அந்தக் கிளாஸும் போச்சு.

சண்டை போடற மாதிரி எழுத வேண்டாம். 11ஆம் தேதி கிளாஸ் ஸ்கூல் நிறுத்தினது, அது பாக்கி இருக்கு, அதுக்குத் தனி நாள் வேணும், எந்த நாள் உங்களால முடியும். இவ்வளவு போதும். "எப்ப முடியும்?"னு கேட்டா அவங்க பாத்து சொல்றோம்னு விட்ருவாங்க. நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லணும்.

சேலத்து அம்மா | 11 ஜூன் 2025, மாலை 4:45

எனக்கும் பாதியில ஆள் மாறினார் கண்ணு, போன வருஷம். ஐம்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டேன். பேரனை ஸ்கூல்ல விடறதுக்கு யாரையும் எதிர்பார்க்கக் கூடாதுன்னு.

ஆள் மாறினது எனக்குப் பிரச்சனையா இல்லை. வண்டி மாறினதுதான் பிரச்சனை. முதல் சாரோட கார்ல கிளட்ச் பாதி விட்டதும் வண்டி நகர ஆரம்பிச்சிடும். புது சார் கொண்டு வந்த கார்ல முக்கால்வாசி விட்டாத்தான் நகரும். நான் பழைய கணக்குல கால் வச்சேன், சிக்னல்ல வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நின்னது, பின்னாடி பஸ் ஹாரன். எனக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னே நினைச்சுட்டேன். அந்த சார் நல்லவர், ஓரமா நிறுத்தச் சொல்லி, ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம கிளட்சை மட்டும் மெல்ல விட்டு எங்க வண்டி லேசா நடுங்குதுன்னு பாக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்துல பிடிபட்டது. அதனால புது சாருக்குப் போன் பண்ணும்போது எந்தக் காருன்னு கேளுங்க. டெஸ்டுக்கு எந்தக் காரைக் கொடுப்பாங்கன்னும் கேளுங்க.

உங்களுக்கு கிளாஸ் கார்டு இருக்கா? எனக்கு ஒரு அட்டை கொடுத்தாங்க, ஒவ்வொரு கிளாஸுக்கும் சார் கையெழுத்து போடுவார். புது சார் வந்ததும் அதைத்தான் பார்த்தார், "ரிவர்ஸ் இன்னும் பாக்கலையா?"ன்னு அவரே கேட்டார்.

தில்லைநகர் வாசகி | 11 ஜூன் 2025, மாலை 6:10

கார்டு எதுவும் கொடுக்கலைம்மா. பழைய சார் அவரோட சின்ன நோட்டுல எழுதிக்குவார். அந்த நோட்டு அவரோடவே போயிருக்கும்.

ஹாரோ வாசி | 11 ஜூன் 2025, இரவு 7:30

நான் லண்டன்ல இருக்கிறன். இஞ்ச பெரும்பாலான ஆக்கள் 48 மணித்தியாலம் கேக்கினம். அதுக்குள்ள மறிச்சா முழுக் காசும் போகும். அதுவும் அரசாங்கச் சட்டம் இல்லை, பழக்குறவர் தன்ர நிபந்தனையில எழுதித் தாறது. தொடங்கேக்கையே கையெழுத்து வாங்குவினம். எனக்கு ஒருமுறை அவையே காலையில மறிச்சவை, அடுத்த பாடத்தை இலவசமாத் தந்தவை. அது கேட்டதாலதான் கிடைச்சது, கேக்காட்டி தந்திருக்க மாட்டினம்.

புது ஆள் வந்தா நான் முதல் பாக்கிறது முன்கண்ணாடியில ஒட்டியிருக்கிற அடையாளம். பச்சை எட்டுக்கோணம் எண்டா முழுத் தகுதி பெற்றவர். இளஞ்சிவப்பு முக்கோணம் எண்டா இன்னும் பயிற்சியில இருக்கிற பழக்குநர். அவரும் சட்டப்படி காசுக்குப் பழக்கலாம், ஆனா ஆளை மாத்தேக்க அதைச் சொல்லாம விடுறதும் உண்டு. உங்கட பக்கம் இப்பிடி ஏதும் ஒட்டுறதில்லையோ?

டெஸ்ட் விசயத்தில இஞ்ச கடுமை கூடிட்டுது. முந்தி 3 வேலைநாளுக்கு முதல் மாத்தினாக் காணும். இந்த வருசம் ஏப்ரல் 8இல இருந்து 10 முழு வேலைநாள். இல்லாட்டி 62 பவுணும் போச்சு.

வைகைக்கரை | 11 ஜூன் 2025, இரவு 8:20

ஹாரோ தம்பி, இங்க கண்ணாடியில ஒட்டற மாதிரி ஆளுக்கு அடையாளம் கிடையாது. ஆனா விதி இருக்கு. சொல்லிக்கொடுக்கிறவருக்கு அந்த வகை வண்டியில அனுபவம் வேணும், ஸ்கூல் அவரை வேலைக்கு வச்சிருக்கணும். எல்.எல்.ஆர் வச்சிருக்கிறவங்க ஓட்டும்போது பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆள், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்துல உக்காந்திருக்கணும். ஸ்கூல் வண்டின்னா அதுக்குத்தான் அந்தப் பக்கமும் பிரேக், கிளட்ச்.

தங்கச்சிக்கு நம்பர் விஷயத்துல ஒண்ணு. மெசேஜ்ல வந்த புது நம்பரை, அதே மெசேஜ் வந்த நம்பர்ல கேட்டு உறுதி பண்ணாதீங்க. ரசீதுல அச்சடிச்ச ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, "இன்ன பேருள்ளவர் இன்ன நம்பர்ல நம்ம ஸ்கூல் ஆள்தானா, எந்த வண்டி"ன்னு கேளுங்க. பேர் மெசேஜ்லயே இல்லை, பாத்தீங்களா? "புது சார்"னு மட்டும் இருக்கு. காலையில ஆறரைக்கு ஒரு பொம்பளைப்பிள்ளையை வண்டியில ஏத்தப் போற ஆளோட பேரைச் சொல்லாம அனுப்பறது சரியே இல்லை. நான் இருந்திருந்தா பேர், வண்டி, வண்டி நம்பரோட கடைசி நாலு எண், மூணும் போட்டிருப்பேன்.

தில்லைநகர் வாசகி | 11 ஜூன் 2025, இரவு 9:50

புது சார் அவரே கூப்பிட்டார். மரியாதையாத்தான் பேசினார். கடைசியில "உங்க பாக்கி 1,500 ரூபாயை இந்த நம்பருக்கே யூபிஐ பண்ணிடுங்க"ன்னார். எனக்கு பாக்கியே கிடையாது. சேர்ந்த அன்னைக்கே முழுசா கட்டியாச்சு, ரசீது கையில இருக்கு.

உடனே ரசீதுல இருக்கிற நம்பருக்குப் போட்டேன். ஆபீஸ் அக்கா எடுத்தாங்க. ஆள் அவங்க ஆள்தான், பேர் சொன்னாங்க, கார் ஒரு வெள்ளை ஆல்டோ. இதுவரைக்கும் நான் ஓட்டினது ஸ்விஃப்ட். பாக்கி லிஸ்ட் பழசு, அதை அவர்கிட்ட கொடுத்துட்டாங்களாம். "பணம் யார்கிட்டயும் கொடுக்காதீங்க, ஆபீஸ்லதான்"னு அவங்களே சொன்னாங்க. அப்படின்னா அந்த வரியை மெசேஜ்ல போட்டிருக்கலாமே! என்னை மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு அந்த லிஸ்ட்ல இருந்து போன் போயிருக்கும்? ரசீது கையில இல்லாதவங்க என்ன செய்வாங்க? அதை நினைச்சாத்தான் கோபம் வருது.

வைகைக்கரை சார் சொன்ன மாதிரி ஆபீஸுக்கு அனுப்பினது இது:

"11ஆம் தேதி புதன் கிளாஸ் ஸ்கூல் தரப்பில் நிறுத்தப்பட்டது. எனக்கு 13 வெள்ளி வழக்கமான கிளாஸ் ஏற்கெனவே உள்ளது. அதனால் 11ஆம் தேதி கிளாஸ் பாக்கி. அதை 14 சனி அல்லது 17 செவ்வாய் காலை 6:30க்குக் கொடுக்கவும். இதுவரை 9 கிளாஸ் முடிந்துள்ளது, 6 பாக்கி. புதிய நேரம் 7:15 வெள்ளிக்கு மட்டுமா என்று தெரிவிக்கவும்."

ரெண்டு நீல டிக் வந்திருச்சு. பதில் வரலை.

செய்திப்பிரியன் | 12 ஜூன் 2025, காலை 7:15

ஃபார்ம் 5பி, ஃபார்ம் 5 வித்தியாசம் இப்பத்தான் தெரிஞ்சது, நன்றி சார். ஆனா ஒரு கிளாஸுக்காக இவ்வளவு மெசேஜ் எதுக்கு? டெஸ்டை ஒரு பத்து நாள் தள்ளிப் போட்டா 15 கிளாஸும் முடிஞ்சிடும். எட்டு போட்டவன் முதல்லயே வழி சொல்லிட்டார்.

வைகைக்கரை | 12 ஜூன் 2025, காலை 9:00

தள்ளறதுக்கு முன்னாடி எல்.எல்.ஆர் எப்ப முடியுதுன்னு பாக்கணும். தங்கச்சி, உங்க எல்.எல்.ஆர் தேதி என்ன?

தில்லைநகர் வாசகி | 12 ஜூன் 2025, காலை 9:25

ஜனவரி 6 எடுத்தது. ஜூலை 5 வரைக்கும். நடுவுல அம்மாவுக்கு ஆபரேஷன், கிளாஸ் சேரவே மே ஆயிடுச்சு.

வைகைக்கரை | 12 ஜூன் 2025, காலை 10:10

அப்ப டெஸ்டை நகர்த்தாதீங்க. கணக்கு இதுதான். எல்.எல்.ஆர் ஆறு மாசம். 24ஆம் தேதி டெஸ்டுக்குப் போறீங்க. கடவுள் புண்ணியத்துல பாஸ் ஆயிருவீங்க. ஒருவேளை ஆகலைன்னா, சட்டப்படி ஏழு நாள் கழிச்சு மறுபடி வரலாம். ஜூலை 1. எல்.எல்.ஆர் 5 வரைக்கும் உயிரோட இருக்கு. அந்த நாலஞ்சு நாள்ல ஸ்லாட் கிடைச்சா இன்னொரு வாய்ப்பு. கிடைக்குமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், அது ஆபீஸுக்கு ஆபீஸ் வேற.

பத்து நாள் தள்ளினா ஜூலை 4. அன்னைக்குத் தவறினா அவ்வளவுதான். எல்.எல்.ஆர் புதுசா எடுக்கணும், எடுத்து 30 நாள் ஆகாம டெஸ்டுக்குப் போக முடியாது. ஒரு கிளாஸைக் காப்பாத்தப் போய் ரெண்டாவது வாய்ப்பை விட்ருவீங்க. அதனாலதான் அந்தக் கிளாஸ் 23ஆம் தேதிக்குள்ள வரணும்னு சொல்றேன்.

ஸ்கூல் ஆபீஸ்ல மெசேஜ் அனுப்பற பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க முன்னாடி இருக்கிறது வண்டி, நேரம், ஆள், இந்த மூணுதான். யாருக்கு எப்ப டெஸ்ட், யாரோட எல்.எல்.ஆர் எப்ப முடியுதுங்கிறது வேற நோட்டு. அதான் நீங்க பதில்லயே எழுதணும்: "டெஸ்ட் 24, எல்.எல்.ஆர் ஜூலை 5 வரை." அதைப் பாத்த உடனே வரிசையில உங்களை முன்னாடி போட அவங்களுக்கு ஒரு காரணம் கிடைக்குது.

செய்திப்பிரியன் | 12 ஜூன் 2025, காலை 10:40

இது தெரியாமத்தான் தள்ளிப் போடச் சொன்னேன். வாபஸ்.

தில்லைநகர் வாசகி | 12 ஜூன் 2025, மாலை 5:30

அந்த வரியைச் சேர்த்து அனுப்பின பிறகுதான் பதிலே வந்தது. "17 செவ்வாய் 7:15 ஓகே மேடம். நோட் பண்ணியாச்சு." 6:30 கேட்டேன், புது சாருக்கு அந்த நேரத்துல வேற ஆள் இருக்காங்களாம். இனி எல்லா கிளாஸும் 7:15தான். ஒத்துக்கிட்டேன். கிளாஸ் எண்ணிக்கைக்காக நேரத்தை விட்டுக் கொடுத்தேன், அது சரியா தப்பான்னு இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

ஆனா என் முதல் கேள்விக்கு பதிலே வரலை. "நீங்க நிறுத்தினா எவ்வளவு முன்னாடி சொல்வீங்க?"ன்னு நேரடியா எழுதிக் கேட்டேன். "முடிஞ்ச அளவு முன்னாடி சொல்றோம் மேடம்"னு வந்தது. எனக்கு 24 மணி நேரம், அவங்களுக்கு முடிஞ்ச அளவு. இது நியாயம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஹாரோ வாசி | 12 ஜூன் 2025, இரவு 8:05

நுகர்வோர் முறைப்பாடு ஒண்டும் இல்லையோ உங்கட பக்கம்?

வைகைக்கரை | 12 ஜூன் 2025, இரவு 9:15

இருக்கு. 1915க்குக் கூப்பிட்டா தேசிய நுகர்வோர் உதவி மையம். காசு வாங்கிட்டு கிளாஸே கொடுக்கலைன்னா தாராளமா போகலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைப் பத்தி 2019 சட்டத்துலயும் இருக்கு. ஆனா இங்க கிளாஸ் திரும்பக் கிடைச்சிருச்சே. ஒன்பது மணி நேரம் முன்னாடி சொன்னாங்கங்கிறதுக்கு மட்டும் என்ன கிடைக்கும்னு எனக்குத் தோணலை. மத்தவங்க வேற மாதிரி நினைச்சா சொல்லுங்க.

சேலத்து அம்மா | 12 ஜூன் 2025, இரவு 9:40

நான் வேற மாதிரிதான் நினைக்கிறேன். சேரும்போதே கேக்கணும், எழுதி வாங்கணும். என் மருமக போன மாசம் சேர்ந்தா. ரசீதுக்குப் பின்னாடியே "ஸ்கூல் 12 மணி நேரத்துக்குள் நிறுத்தினால் கிளாஸ் கழிக்கப்படாது, ஒரு வாரத்துக்குள் கொடுக்கப்படும்"னு எழுதச் சொல்லி சீல் வாங்கிட்டா. முதல்ல முகம் சுளிச்சாங்களாம், பிறகு எழுதிக் கொடுத்துட்டாங்க. சின்னப் பொண்ணுதான், அவ கேட்டதும் கொடுத்தாங்களே.

எட்டு போட்டவன் | 13 ஜூன் 2025, காலை 11:10

ஒரு சந்தேகம். 15 கிளாஸ், அரை மணி நேரம்னா ஏழரை மணி நேரம்தானே வருது? எங்க ஸ்கூல் சுவர்ல 21 நாள், 10 மணி நேரம்னு ஒட்டியிருந்தது. எது சரி?

வைகைக்கரை | 13 ஜூன் 2025, மதியம் 12:30

நல்ல கேள்வி, பல ஸ்கூலுக்குப் பிடிக்காத கேள்வி. சொந்த உபயோக வண்டிக்கு பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டியரிங் பிடிச்சு ஓட்டின நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. விதி அதுதான். அரை மணி வீதம்னா 20 கிளாஸ் வேணும். ஊர் பூரா 15 கிளாஸ் பேக்கேஜ்தான் விக்குது.

ஸ்கூல்ல ஃபார்ம் 15னு ஒரு பதிவேடு இருக்கும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் ஓட்டினீங்க, என்ன வண்டின்னு எழுதி, சொல்லிக்கொடுத்தவரும் நீங்களும் கையெழுத்து போடணும். தங்கச்சி, பழைய சாரோட நோட்டு போனா போகட்டும், இதை ஆபீஸ்ல காட்டச் சொல்லிக் கேளுங்க. உங்க ஒன்பது கிளாஸுக்கும் அதுதான் சாட்சி. ஓட்டாத நாளுக்குக் கையெழுத்து கேட்டா போடாதீங்க. 11ஆம் தேதிக்கு எதிர்ல ஒரு வரி இருந்தா கண்டிப்பா கேளுங்க.

தில்லைநகர் வாசகி | 13 ஜூன் 2025, இரவு 8:45

இன்னைக்கு முதல் கிளாஸ் புது சாரோட. ஆல்டோ. சேலத்து அம்மா சொன்னதைச் சொல்லி, முதல்ல கிளட்ச் மட்டும் பாக்கணும்னு கேட்டேன். தில்லைநகர் பதினோராவது கிராஸ் பக்கம் காலியான ரோட்டுல நிறுத்தி பழக விட்டார். ஸ்விஃப்ட்டை விட இதுல மிதி இன்னும் மேல வந்த பிறகுதான் பிடிக்குது. பழைய சார் ஸ்டியரிங்கைப் பாதி நேரம் அவரே பிடிச்சுக்குவார், இவர் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்கு இது பிடிச்சிருக்கு. ஸ்கூல் வேன் ரெண்டு எதிர்ல வந்தது, ஓரமா நின்னு வழி விட்டேன்.

ஃபார்ம் 15 கேட்டேன். ஆபீஸ் அக்கா முதல்ல "அதெல்லாம் ஆர்டிஓ இன்ஸ்பெக்ஷனுக்கு மேடம்"னாங்க. என் கையெழுத்து அதுல இருக்கணுமேன்னதும் எடுத்துக் கொடுத்தாங்க. என் பேர்ல எட்டு நாள்தான் எழுதியிருக்கு. ஒண்ணு குறையுது. எந்த நாள்னு என் வாட்ஸாப்ல பழைய சாரோட "கீழ நிக்கறேன்" மெசேஜை எல்லாம் தேதி வாரியாப் பார்த்து கண்டுபிடிச்சுக் காட்டினேன். எழுதிக்கிறோம்னாங்க. இன்னும் எழுதலை, 17ஆம் தேதி போகும்போது பாக்கணும்.

சேலத்து அம்மா | 14 ஜூன் 2025, காலை 7:20

அந்த மெசேஜை எல்லாம் அழிச்சிடாத கண்ணு. லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் இருக்கட்டும்.

தில்லைநகர் வாசகி | 14 ஜூன் 2025, காலை 9:00

அழிக்கலைம்மா. இன்னொண்ணு நடந்தது, வைகைக்கரை சார் பதில் சொல்லணும். நேத்து ராத்திரி பழைய சார் கூப்பிட்டார். அவர் தனியா சொல்லிக்கொடுக்கப் போறாராம், "பாதிக் காசு போதும், ஞாயித்துக்கிழமை வாங்க, என் சொந்தக் கார்"னு சொன்னார். நல்லா சொல்லிக்கொடுத்த மனுஷர்தான். டெஸ்டுக்கு முன்னாடி கூடுதலா ரெண்டு மணி நேரம் ஓட்டினா நல்லதுதானேன்னு மனசு சொல்லுது.

வைகைக்கரை | 14 ஜூன் 2025, காலை 10:35

ஆள் நின்னா இது நடக்கும். ஆபீஸ் அவசர அவசரமா ராத்திரியில புது நம்பரை அனுப்பறதுக்கும் இதுதான் காரணம், பழைய ஆள் மாணவர்களைக் கூட்டிட்டுப் போயிருவார்னு பயம்.

அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரலை. ஆனா அவரோட சொந்தக் கார்ல அந்தப் பக்கம் பிரேக் இருக்கான்னு முதல்ல கேளுங்க. பெரும்பாலும் இருக்காது. நீங்க பதட்டத்துல பிரேக்குக்கு பதிலா ஆக்சிலரேட்டரை மிதிச்சா அவரால ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்க முடியும். காசு வாங்கி சொல்லிக்கொடுக்க ஸ்கூல் லைசென்ஸ் வேணும், அது அவர்கிட்ட இல்லை. ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல கேக்கறது அதைத்தான்.

கூடுதல் நேரம் வேணும்னா ஆபீஸ்லயே 23ஆம் தேதி கிளாஸை ஒரு மணி நேரமா கேட்டுப் பாருங்க. அரை மணிக்கான காசு கூட வாங்கினாலும் பரவாயில்லை. அன்னைக்கு ஹெச் டிராக் மட்டும் போடச் சொல்லுங்க, அதே ஆல்டோவுல.

தில்லைநகர் வாசகி | 14 ஜூன் 2025, காலை 11:15

கேட்டாச்சு. 23 திங்கள் 7:15ல இருந்து 8:15 வரைக்கும், கூடுதலா 300 ரூபாய், ஆபீஸ்ல கட்டி ரசீது. மெசேஜா வாங்கிட்டேன். அன்னைக்கு மட்டும் ஆபீஸுக்கு லேட்டா வர்றேன்னு சொல்லணும். பழைய சாருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், வருத்தப்படலை.